செக்‌ஷன் 188 கேஸ் கேள்வில நான் மார்க் விட்ட இடம்

சிஎஸ் எக்ஸிக்யூட்டிவ் எழுதும்போது கம்பெனிகள் சட்டம் 2013ல வர்ற ரிலேட்டட் பார்ட்டி கேள்வில, அதாவது டைரக்டர் மாதிரி உள்ளாளுங்களோடயோ அவங்க சொந்தக்காரங்களோடயோ கம்பெனி போடற டீல் பத்தின கேள்வில, முதல் அட்டெம்ப்ட்ல நான் தப்பு பண்ணேன், அத அப்படியே சொல்றேன், இதே மாதிரிதான் கேஸ் வரும்.

லிஸ்ட் ஆகாத பப்ளிக் கம்பெனி, போன வருஷம் ஆடிட் ஆன டர்ன்ஓவர் 80 கோடி. ஒரு டைரக்டரோட மனைவி பார்ட்னரா இருக்கற ஃபர்ம்ல இருந்து ஜூன்ல 5 கோடிக்கு காஸ்டிங்ங்கற வார்ப்பு பாகங்கள் வாங்குறாங்க, நவம்பர்ல இன்னொரு 4 கோடிக்கு. வெளி சப்ளையர் கொடுத்த கொட்டேஷன விட விலை 12% கூட.

நான் என்ன எழுதுனேன்னா, காஸ்டிங் வாங்குறது தினசரி வியாபாரம்தானே, அதனால 188 வராதுன்னு. அங்கதான் போச்சு. விலக்கு கிடைக்கணும்னா வழக்கமான வியாபாரமாவும் இருக்கணும், வெளியாளுக்கு குடுக்கற அதே விலைலயும் இருக்கணும், ரெண்டும் சேர்ந்து வேணும். 12% கூட குடுத்தா ரெண்டாவது அடிபட்டுடுது.

சரி, அப்ப யாரோட அப்ரூவல்? ஜூன் டீலுக்கு போர்டு போதும், ஆனா மீட்டிங் போட்டு தீர்மானம் போடணும், சர்க்குலேஷன்ல கையெழுத்து வாங்குனா செல்லாது. அந்த ஐட்டம் பேசும்போது அந்த டைரக்டர் ரூம்லயே இருக்கக் கூடாது. நவம்பர் டீல் வெறும் 4 கோடிதானேன்னு தனியா பாக்காதீங்க, அந்த நிதியாண்டுல நடந்ததெல்லாம் கூட்டணும், 9 கோடி ஆகுது, டர்ன்ஓவர்ல 10%ங்கற 8 கோடிய தாண்டிடுச்சு, அதனால முன்கூட்டியே ஷேர்ஹோல்டர் தீர்மானமும் வேணும். சாதாரண தீர்மானம் போதும், பழைய நோட்ஸ்ல ஸ்பெஷல்னு இருக்கும், 2015 திருத்தத்துல மாறிடுச்சு. டீல்ல சம்பந்தப்பட்ட கணவன் மனைவி கிட்ட ஷேர் இருந்தா அவங்க ஓட்டு போட முடியாது.

கூட்டிப் பாக்கச் சொல்றது ஏன்னு புரிஞ்சா மறக்காது: இல்லன்னா ஒரு பெரிய டீல நாலா வெட்டி ஷேர்ஹோல்டர் கண்ணுல படாமலே முடிச்சுடலாம். போர்டு மட்டும் காவல் இருந்தா என்ன ஆகும்னு 2008 டிசம்பர் 16ல சத்யம் கம்ப்யூட்டர்ஸ்ல பாத்தோம், சேர்மன் குடும்பத்தோட மேடாஸ் கம்பெனிகள சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க போர்டு ஓகே சொல்லிடுச்சு, இண்டிபெண்டன்ட் டைரக்டர்ஸ் இருந்தும். முதலீட்டாளர்கள் கொதிச்சதுல சில மணி நேரத்துலயே வாபஸ் வாங்கிட்டாங்க. டீல்ல லாபம் இல்லாத ஷேர்ஹோல்டர் கிட்ட கேக்கறது எதுக்குன்னு எனக்கு அதப் படிச்சப்பதான் உறைச்சது.

இன்னொரு பொறி, மச்சான். மனைவியோட தம்பி சட்டத்துல சொல்ற 'ரிலேட்டிவ்' லிஸ்ட்ல இல்ல, மருமகனும் மருமகளும் இருக்காங்க. மேல உள்ள கேஸ்ல ஃபர்ம் மச்சானோடதுன்னு மட்டும் குடுத்திருந்தா பதிலே மாறிடும், அதனால உறவ ரெண்டு தடவ படிங்க.

அப்ரூவல் இல்லாம கையெழுத்து போட்டுட்டாங்கன்னு கேட்டா உடனே செல்லாதுன்னு எழுதாதீங்க, 3 மாசத்துக்குள்ள ஒப்புதல் வாங்கலன்னாதான் போர்டோ ஷேர்ஹோல்டரோ விரும்புனா ரத்து பண்ணலாம், நஷ்டத்த அந்த டைரக்டர் ஈடுகட்டணும்.