பின்புறத்தில் 1957, லொறியின் தகட்டில் ஸ்ரீ

உள்ளூர் வரலாற்று ஒப்படைக்கு வீட்டு அல்பத்திலிருந்து படம் எடுத்து வைப்பவர்களிடம் வாய்மொழிப் பரீட்சையில் பெரும்பாலும் கேட்கப்படுவது, "இந்த வருடம் எங்கிருந்து வந்தது?" என்பதுதான். "பின்னால எழுதியிருந்தது", "அம்மம்மா சொன்னா" என்ற இரண்டு பதிலும் அங்கே தனித்து நிற்காது. எது நிற்கும் என்பதை ஒரு மாதிரிப் படத்தில் பார்ப்போம்.

கறுப்பு வெள்ளைப் படம். குளக்கட்டின்மேல் ஒரு லொறி. அதன்முன் மூன்று ஆண்களும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். கீழே மரங்களின் பாதி உயரத்துக்குத் தண்ணீர். பின்புறத்தில் நீலப் பேனையால், "1957 வெள்ளம், இரணைமடு, கிளிநொச்சி மாவட்டம்" என்று எழுதி, இடமிருந்து வலமாகப் பெயர்கள்.

முதலில் பின்புறத்தைப் பார்க்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "வெள்ளம்" என்று எழுதக்கூடாது. தெரிவது மரத்தைச் சுற்றி நிற்கும் தண்ணீர்தான்; மாரியில் குளம் நிரம்பினாலே நீர்ப்பிடிப்பு ஓரத்து மரங்கள் அப்படித்தான் நிற்கும். "இரணைமடு" என்றும் எழுதக்கூடாது. வான் கதவோ பெயர்ப்பலகையோ படத்தில் இல்லாவிட்டால், அது முத்தையன்கட்டாகவும் இருக்கலாம், வவுனிக்குளமாகவும் இருக்கலாம்.

பிறகு படத்தை 600 dpi அளவிலாவது ஸ்கான் செய்து லொறியின் இலக்கத்தகட்டைப் பெரிதாக்குங்கள். இலக்கங்களுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ எழுத்து தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுத்து வாகனங்களுக்கு வந்தது 1957இல். அதை எதிர்த்துத்தான் அந்த வருடமும் அடுத்த வருடமும் வடக்கில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. ஆகவே இந்தப் படம் 1957க்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது. பெருவெள்ளம் வந்தது 1957 டிசம்பரில் என்பதால், குறிப்பில் உள்ளபடியே அப்போது எடுத்திருக்கலாமே என்று பரீட்சகர் கேட்கலாம். அதற்கும் லொறியையே பாருங்கள். மட்காட் நசுங்கி, பெயின்ற் உரிந்து கிடந்தால், அது பதிந்து ஒரு வருடம்கூட ஆகாத வண்டியாக இருப்பது கடினம்.

இதை மறுபக்கமாகத் திருப்பிப் பயன்படுத்துவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். தகட்டில் பழைய ஆங்கில எழுத்துகள் இருந்தால் படம் 1957க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. பழைய எழுத்தோடு பதிந்த வண்டிகள் பிறகும் பல வருடம் ஓடின. ஒரு பொருள் வந்த வருடம் "இதற்கு முன்னர் அல்ல" என்பதை மட்டுமே சொல்லும்.

குறிப்புக்கும் ஒரு வயது உண்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது. எனவே அந்த வரி, படம் எடுத்து இருபது வருடத்துக்கு மேல் கழிந்தும் எழுதப்பட்டிருக்கலாம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஊரெல்லாம் பேசும் பெருவெள்ளம் 1957 என்பதால், தண்ணீர் தெரியும் எந்தப் படத்துக்கும் அந்த வருடம் கைக்கு வந்துவிடும்.

பெயர் வரிசையை நம்புமுன், படம் இடம் வலம் மாறி அச்சானதா என்று பாருங்கள். இந்தப் படத்தில் தகடு நேராக வாசிக்க வருவதால் கவலையில்லை. எழுத்தே இல்லாத படத்தில் ஆண்களின் சேட்டைப் பாருங்கள்: அணிந்தவரின் இடப்பக்கத் துண்டு மேலே இருக்கும். சேலைத் தலைப்பு இடத்தோளில் இருக்கும். இரண்டும் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. இடம்பெயர்வுகளில் அல்பங்கள் தொலைந்ததால் வன்னியில் பல வீடுகளில் இருப்பது, உறவினரிடமிருந்த படத்தை ஸ்ரூடியோவில் திருப்பி எடுத்த பிரதி. மூலப்படத்தின் குறிப்பைப் பார்த்து அப்படியே எழுதி, பிரதி மட்டும் திரும்பியிருந்தால் பெரியப்பாவின் பெயர் சித்தப்பாவுக்குப் போய்விடும். லமினேற் செய்த படமானால் பின்புறத்தைப் பார்க்கவே முடியாது, அதையும் பதியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகே அம்மம்மாவிடம் போங்கள். "இது 57ஆம் ஆண்டுதானே?" என்று கேட்டால் "ஓமோம்" என்பா, அந்தப் பதிலால் பயனில்லை. படத்தை மட்டும் கையில் கொடுத்து, "அம்மம்மா, இதில என்ன நடக்குது?" என்று கேளுங்கள். "மூத்தவன் தவழுற காலம், அவனைத்தான் தூக்கி வச்சிருக்கிறன்" என்றால், அவ வருடம் சொல்லாமலே சரிபார்க்கக்கூடிய ஒரு பிடி தந்துவிட்டா. பிறப்புச் சான்றிதழில் 1963 மே என்றிருந்தால், தவழும் வயதும் மாரித் தண்ணீரும் சேரும் காலம் 1963 கடைசியும் 1964 தொடக்கமும். தகடும் அதற்கு இடம் விடுகிறது. ஆனால் குழந்தை மூத்தவன்தான் என்பதற்கு அவவின் சொல் மட்டுமே ஆதாரம்.

ஒப்படையில் படத்தின் கீழ் இப்படி எழுதலாம்: "குளக்கட்டில் லொறியின்முன் நால்வரும் ஒரு குழந்தையும். ஸ்ரீ தகட்டின்படி 1957க்கு முந்தியதல்ல. படத்திலுள்ள பெண்ணின் நினைவும் மகனின் பிறப்புச் சான்றிதழும் 1963–64 மாரியைக் காட்டுகின்றன. பின்புறக் குறிப்பு (1984இலோ அதன் பின்னரோ எழுதியதாகலாம்) 1957 என்கிறது. இடம் இரணைமடு என்பதற்குக் குறிப்பு மட்டுமே ஆதாரம்."