ஊர்ந்து இறங்கும் விகிதமும் ஓடத் தயாராக நிற்கும் பணமும்

வங்கி ட்ரெஷரியில் என் வேலை, எந்த நாட்டுக்கு எவ்வளவு கடன் வரம்பு வைக்கலாம் என்று குறிப்பு எழுதுவது. ஆரம்பத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருந்தோம்: அந்நியச் செலாவணி கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும்? அப்படி எழுதிய ஒரு குறிப்பைத் துறைத் தலைவர் திருப்பிக் கொடுத்தார். "இறக்குமதியாளர் ஒரே நாள்ல வரிசையில வந்து நிக்க மாட்டார்ப்பா. ஓடப்போறது டெபாசிட். அது ஓடுறதுக்கு என்ன செலவாகும்னு போடு."

போட்டுப் பார்த்தோம். கிராலிங் பெக்கில் மத்திய வங்கி தன் நாணயத்தை அறிவித்த வேகத்தில் இறக்கிக்கொண்டே போகும். அது மாதம் 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் வட்டி மாதம் 1.5, டாலர் வட்டி 0.5. உள்ளூர்ப் பணத்தைக் கடன் வாங்கி டாலராக மாற்றி வைப்பவருக்கு 1.5 செலவு. டாலர் வட்டியும் நாணய இறக்கமும் சேர்ந்து 1.1 திரும்பி வந்துவிடும். நிகர நட்டம் 0.4 சதவீதம்தான். அடுத்த மாதத்துக்குள் 20 சதவீத மதிப்புக் குறைப்பு வர ஐம்பதில் ஒரு வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுபடியாகிவிடும். அதற்கு மேல் நட்டம் வராது என்று மத்திய வங்கியே அட்டவணை போட்டு உறுதி சொல்லியிருக்கிறதே!

வட்டியை மாதம் 3.3 ஆக்கினால் அவருடைய நட்டம் 2.2 ஆகும். அப்போது நூற்றில் பதினோரு வாய்ப்பாவது இருந்தால்தான் அவர் இறங்குவார். ஆனால் அந்த வட்டியில் உள்ளூர்த் தொழிலும் அரசின் சொந்தக் கடனும் எத்தனை மாதம் தாங்கும்? சந்தை அதையும் கணக்குப் போடும்.

பிரேசிலில் இது அப்படியே நடந்தது. ரியால் ஆண்டுக்கு ஏழெட்டு சதவீதம் வீதம் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1998 நடுவில் 70 பில்லியன் டாலருக்கு மேல் இருந்த கையிருப்பு, ஐஎம்எஃப் கடனின் முதல் தவணை வந்து சேர்ந்த பிறகும், ஆண்டு முடிவில் 45 பில்லியனுக்குக் கீழே போனது. 1999 ஜனவரி 13 அன்று, மாற்று விகிதம் நகரலாம் என்று விட்டிருந்த வரம்பை அகலப்படுத்தி, டாலருக்கு 1.32 வரை விட்டார்கள். அதே நாளில் விகிதம் அந்த விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டே நாளில் பாதுகாப்பைக் கைவிட்டார்கள். மாத முடிவில் 2 ரியாலை நெருங்கியது. மீதமிருந்த கையிருப்பும் சின்னத் தொகையில்லை. ஆனால் சந்தைக்குக் கொடுத்த வாக்கு அதைவிடப் பெரியது.

நாணயத்தை மிதக்க விட்டு அவ்வப்போது மட்டும் தலையிடும் மேனேஜ்டு ஃப்ளோட்டில் அப்படி வாக்கு எதுவும் கிடையாது. மத்திய வங்கி ஒரு வாரம் டாலர் விற்கும், அடுத்த வாரம் சும்மா இருக்கும், திடீரென்று எதிர்ப்பக்கம் இழுத்து டாலர் வாங்கி வைத்தவரை நட்டத்தில் விடும். பந்தயம் கட்டுகிறவர் எந்த எண்ணைக் குறிவைப்பது? அதனால் கையிருப்பு வேகத்தைத் தணிக்கத் தேவைப்படுகிறதே தவிர, ஒரு விகிதத்தைக் காவல் காக்க இல்லை.

சிக்கல் என்னவென்றால், பல நாடுகள் மேனேஜ்டு ஃப்ளோட் என்று சொல்லிக்கொண்டு கிராலிங் பெக்தான் நடத்துகின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, தினசரி விகித மாற்றத்தை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்ப்பது. நாள்தோறும் 0.02, 0.03 சதவீதம் என்று ஒரே திசையில் நூல் பிடித்தாற்போல் போனால், பெயர் எதுவானாலும் அங்கே வாக்கு இருக்கிறது. கூடவே, பின்னொரு தேதியில் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளும் ஃபார்வர்டு சந்தையில் மத்திய வங்கி விற்று வைத்திருக்கும் டாலரையும் கையிருப்பிலிருந்து கழிக்க வேண்டும். பெக் வைத்திருந்த தாய்லாந்து 1997 ஜூலை 2 அன்று தன் நாணயமான பாட்டை மிதக்க விட்டபோது, ஏட்டில் 30 பில்லியனுக்கு மேல் இருந்த கையிருப்பில் 20 பில்லியனுக்கு மேல் இப்படி முன்கூட்டியே விற்கப்பட்டிருந்தது.

மத்திய வங்கி தலையிடாமல் விட்டுவிடும் கிளீன் ஃப்ளோட்டில் காக்க விகிதமே இல்லை. அப்படியானால் கையிருப்பும் வேண்டாமா? ஐஎம்எஃபின் போதுமை அளவுகோல் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. நிலையான விகித நாட்டுக்கு, ஏற்றுமதியில் 10 சதவீதமும் மொத்தப் பணப் புழக்கத்தில் 10 சதவீதமும் கணக்கில் எடுக்கிறார்கள். மிதக்கும் நாட்டுக்கு இரண்டும் 5 ஆகப் பாதியாகிவிடும், ஏனென்றால் டெபாசிட்காரர் ஓடினால் விகிதமே விழுந்து அவர் வாங்கும் டாலரின் விலையை ஏற்றிவிடும். குறுகிய கால வெளிநாட்டுக் கடனுக்கு மட்டும் இரண்டிலும் அதே 30 சதவீதம். டாலரில் வாங்கிய கடனை டாலரில்தான் கட்ட வேண்டும். நாணயம் விழுந்தால் அந்தச் சுமை உள்ளூர்க் கணக்கில் கூடத்தான் செய்யும். அதனால் நாணயம் தாராளமாக மிதக்கும் நாடுகளுக்குக் குறிப்பு எழுதும்போதும், அடுத்த பன்னிரண்டு மாதத்தில் முதிரும் டாலர் கடனைத்தான் முதல் வரியில் போடுகிறோம். இறக்குமதி மாதக் கணக்கு இப்போது கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது.