தம்பிய விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனப்போ ஆட்கொணர்வு மனு போட்ட அனுபவம்

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மஃப்டில வந்த ஆளுங்க "சும்மா விசாரணைதான், அனுப்பிடுவோம்"னு சொல்லி என் தம்பிய கூட்டிட்டுப் போனாங்க. நோட்டீஸ் கிடையாது, எந்த கேஸ்னும் சொல்லல. ஸ்டேஷனுக்குப் போனா அப்படி யாரும் இங்க இல்லன்னு கைய விரிச்சிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்ச வக்கீல் அக்காவுக்கு போன் போட்டேன். அவங்க முதல்ல சொன்னது, "எத்தனை மணிக்கு, எங்கேருந்து, யார் பார்த்தாங்க, எந்த வண்டி, எல்லாத்தையும் எழுதி இப்பவே எஸ்பிக்கு ஈமெயில் அனுப்பிடு, காலையில அதையே பதிவுத் தபால்லயும் போடு". பத்து மணி வாக்குல அனுப்பிட்டேன். அப்போ அதோட அருமை எனக்குத் தெரியல.

விசாரணைன்னு சொல்லி ஒருத்தர ராத்திரி முழுக்க உக்கார வைக்க சட்டத்துல இடமே இல்லைங்க. ஒண்ணு கைது பண்ணி காரணத்த சொல்லணும், இல்லன்னா அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கைதுன்னா பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், இது அரசியலமைப்பு 22வது பிரிவுலயே இருக்கு. அதனாலதான் கைது நேரத்த தள்ளிப் போட்டு எழுதுற வேலை நடக்குது. செவ்வாய்க்கிழமை ராத்திரியோட 24 மணி நேரம் தாண்டிடுச்சு, அப்பவும் ஸ்டேஷன்ல இல்லவே இல்லன்னுதான் பதில்.

அதே அரசியலமைப்போட 226வது பிரிவுல ஹைகோர்ட்டுக்கு, அடைச்சு வச்சிருக்கிற ஆள கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்லிக் கேக்குற ஆட்கொணர்வு மனுவ ரெடி பண்ணோம். உள்ள இருக்கிறவர் கையெழுத்து தேவையில்ல, சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட் யார் வேணா போடலாம், நான்தான் மனுதாரர். எதிர்மனுதாரரா அரசு, எஸ்பி, அந்த இன்ஸ்பெக்டர். அஃபிடவிட்ல பெரிய சட்ட வாதம் எதுவும் இல்ல, மணிவாரியா நடந்தது மட்டும்தான், கூடவே ஈமெயில் பிரதி, எதிர்க் கடை கேமரால அவன வண்டில ஏத்துறது பதிவானதோட படம். சிசிடிவிய பத்தியும் தனியா ஒரு மனு, ஏன்னா ஸ்டேஷன் கேமரா பதிவ 18 மாசம் வச்சிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2020லயே சொல்லியிருக்கு, ஆனா யாராவது கேட்டு வைக்கலன்னா அழிஞ்சு போச்சுன்னு சொல்லிடுவாங்க.

புதன்கிழமை காலையில ரெண்டு நீதிபதி அமர்வு முன்னாடி அவசரம்னு சொல்லி, அன்னைக்கு மதியமே எடுத்து விசாரிக்கிற லஞ்ச் மோஷனுக்கு அனுமதி வாங்கி, அரசு வக்கீல் கைல ஒரு காப்பி கொடுத்தோம். மதியம் எடுத்தப்போ அரசு வக்கீல் எழுந்து "இன்னைக்கு 12.30க்கு கைது பண்ணிட்டோம், சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறோம்"னு சொன்னாரு. ரெண்டு நாளா இல்லாத ஆள், மனு காப்பி கைக்குப் போனதும் கைதாகிட்டான். எனக்கு கை கால் எல்லாம் நடுங்குச்சு, ஆனா உயிரோட எங்க இருக்கான்னாவது அப்பதான் தெரிஞ்சுது. நீதிபதிங்க கைது ஆவணத்தோட நாளைக்கு வாங்கன்னு தள்ளி வச்சாங்க.

இங்கதான் நிறைய பேர் ஹைகோர்ட் பார்த்துக்கும்னு வீட்டுக்குப் போயிடுறாங்க. காவல்ல வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் ரிமாண்ட் ஆர்டர் போட்டுட்டா, உள்ள வச்சிருக்கிறது கோர்ட் உத்தரவுப்படின்னு ஆகிடும், அதுக்கப்புறம் ஆட்கொணர்வு மனு பொதுவா நிக்காது, ரிமாண்டே அடியோட சட்டவிரோதம்னோ யோசிக்காம இயந்திரத்தனமா போட்டதுன்னோ காட்டினாத்தான் வழி. கைது சரியில்லங்கிறத ரிமாண்ட் நேரத்துலயே மாஜிஸ்திரேட் கிட்ட சொல்லணும். அதனால வக்கீல் அக்கா நேரா அந்த கோர்ட்டுக்கு ஓடினாங்க.

மாஜிஸ்திரேட் தம்பிய பார்த்து "உங்கள எப்போ கூட்டிட்டு வந்தாங்க, அடிச்சாங்களா"ன்னு கேட்டாரு. திங்கட்கிழமை சாயங்காலம்னு சொன்னான், அத எழுத்துல பதிய வச்சாரு. கைது குறிப்புல புதன் 12.30, குடும்பத்து ஆளோ அந்தப் பகுதியில மதிப்புள்ள ஒருத்தரோ சாட்சி கையெழுத்து போட வேண்டிய இடத்துல யாரோ முன்பின் தெரியாதவர் கையெழுத்து. அக்கா நீட்டின ஈமெயில்ல திங்கள் ராத்திரி பத்து மணி. இன்ஸ்பெக்டர் கிட்ட கேட்டா பதில் இல்ல. ரிமாண்ட் மறுத்து சொந்த ஜாமீன்ல விட்டுட்டாரு, கேஸ் தனியா நடக்கும்னு சொல்லி.

மறுநாள் ஹைகோர்ட்ல ஆள் வெளிய வந்துட்டதால மனுவ முடிச்சு வச்சாங்க. தப்பா அடைச்சு வச்சதுக்கு வேற பரிகாரம் தேடிக்க உரிமை உண்டுன்னு ஆர்டர்ல ஒரு வரி கேட்டு வாங்கிக்கிட்டோம், அந்த வரிய எல்லாரும் கேட்டு வாங்குங்க. விடுதலையான பிறகும் 14 வருஷம் ஜெயில்ல வச்சிருந்த ருதுல் ஷா வழக்குல 1983ல சுப்ரீம் கோர்ட் ஆட்கொணர்வு மனுவுலயே இழப்பீடு கொடுக்க சொல்லுச்சு, ஆனா அந்த மாதிரி அங்கேயே கிடைக்கிறது அபூர்வம். நாங்க இப்போ இழப்பீட்டுக்கு தனி ரிட் போட்டிருக்கோம், அதுக்கும் முதல் ஆவணமா அந்த ஈமெயிலத்தான் வச்சிருக்கோம்.