கைக்கு வரும் சம்பளத்தை சி.டி.சி. என்று எழுதிய கதை

சேலத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தபின், கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு இணையவழியில் விண்ணப்பித்தேன். படிவத்தில் Current CTC, Expected CTC என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. சி.டி.சி. என்பது நிறுவனம் ஓர் ஊழியருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு என்பதை யோசிக்காமல், மாதம் வங்கியில் விழும் 28,200 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கி 3.38 லட்சம் என்றும், முப்பது விழுக்காடு கூட்டி 4.4 லட்சம் எதிர்பார்க்கிறேன் என்றும் எழுதிவிட்டேன். கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே இப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்கு முன், எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் அக்காவிடம் என் சம்பளச் சீட்டைக் காட்டினேன். அடிப்படைச் சம்பளம் 15,000, படிகள் 15,000, ஆக மொத்தம் 30,000. அதில் என் பங்கு பி.எஃப். 1,800 போக மீதிதான் கைக்கு வருகிறது. (தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.) ஆனால் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800 ரூபாயும், பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடாக ஒதுக்கும் சுமார் 722 ரூபாயும் சீட்டில் தெரியாவிட்டாலும், பணி நியமனக் கடிதத்தின் சி.டி.சி.யில் சேர்ந்திருந்தன. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.9 லட்சம். நான் கேட்ட 4.4 லட்சம் உண்மையில் பதின்மூன்று விழுக்காட்டு உயர்வுகூட இல்லை. கோயம்புத்தூரில் வாடகை கொடுத்தால் அதுவும் மிஞ்சாது.

இரண்டாவது படிவத்தில் 3.9 என்றும் 4.8 என்றும் எழுதினேன். அதற்கு முன் 390000 என்று அடித்திருந்தேன். கட்டம் லட்சத்தில் கேட்டதை, சரிபார்க்கும் பக்கத்தில் “390000 லட்சம்” என்று வந்தபோதுதான் கவனித்தேன். எதிர்பார்ப்புக் கட்டத்தில் பூஜ்யம் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேலைத் தளங்களில் ஆள் தேடுவோர் சம்பள வரம்பு வைத்து வடிகட்ட முடியும் என்பதால் நான் அதைச் செய்யவில்லை. இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லவும் துணியவில்லை. பின்னர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

விளம்பரத்தில் கேட்டிருந்ததால் மட்டும், முகப்புக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “தற்போதைய ஆண்டு சி.டி.சி. 3.9 லட்சம், முழுவதும் நிலையான சம்பளம்; எதிர்பார்ப்பு 4.8 லட்சம், பொறுப்புகளையும் சம்பளப் பகுப்பையும் அறிந்தபின் பேசிக்கொள்ளலாம்.”

இந்த முறை அழைத்தார்கள். 4.7 லட்சம் தருவதாகச் சொன்னபோது, அதில் நிலையானது எவ்வளவு என்று கேட்டேன். 40,000 ரூபாய் ஆண்டு இறுதியில் வேலைத்திறனைப் பொறுத்துத் தருவது என்றார்கள். மீதி 4.3 லட்சத்தை வைத்துக் கைக்கு வருவதைக் கணக்கிட்டபின்தான் சம்மதம் சொன்னேன்.