ஃபெஞ்சலுக்குப் பிறகு ஆன்கியில் குவிந்த அனாடமி கார்டுகள்

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு எஃப்எம்ஜிஇ எழுதக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மறப்பதற்குள் கார்டுகளைத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலியை எப்படி நிறுவுவது, கார்டு எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நடுவில் சில நாள் விட்டுப்போனால் என்ன செய்வது என்றுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தேர்வு 2025 ஜனவரி 12. அதற்கு ஆறு வாரம் முன்பு, நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் தண்ணீர் வந்தது. கடலூரில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அனாடமி சுருக்க நோட்ஸ் ஜெராக்ஸ் கட்டு முழுக்க ஊறிப்போயிற்று.

பஸ் ஓட ஆரம்பித்ததும் புதுச்சேரியில் அந்த நோட்ஸ் வாங்கிய கோச்சிங் அலுவலகத்துக்குப் போனேன். "ரசீது இருக்காம்மா?" என்றார் அங்கிருந்தவர். ரசீதும் வெள்ளத்தோடு போய்விட்டது என்றேன். பணம் கட்டிய விவரம் அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. பார்த்துச் சொல்லுங்கள் சார் என்று கேட்டதற்கு, "பழைய பேட்ச்சுக்கு எல்லாம் திருப்பித் தர மாட்டோம், புது கோர்ஸ்ல சேந்துக்கோங்க" என்றார். வெறுங்கையோடு திரும்பினேன். இன்றும் நினைத்தால் எரிகிறது. நோட்ஸ், ரசீது இரண்டையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

போன் உயிர் பெற்றதும் ஆன்கியைத் திறந்தால் பாக்கி 200 என்று காட்டியது. பரவாயில்லையே என்று நினைக்காதீர்கள். Maximum reviews/day என்பது தானாகவே 200-இல் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு பாக்கி இருந்தாலும் முகப்பில் தெரியாது. உண்மைக் கணக்கு வேண்டுமென்றால் Browse-இல் இதைத் தேடுங்கள்:

```
deck:Anatomy is:due
```

எனக்குச் சுமார் 480 கார்டு வந்தது. கூடப் படித்த தோழி, "எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிடி" என்றாள். அது மட்டும் வேண்டாம். பத்து நாள் தாமதமாக வந்த கார்டுக்கு நீங்கள் சரியாகப் பதில் சொன்னால், அவ்வளவு நாள் தள்ளியும் நினைவிருந்தது என்பதை ஆன்கி கணக்கில் எடுத்து இடைவெளியைத் தாராளமாகவே நீட்டும். ரீசெட் செய்தால் அந்த லாபம் அத்தனையும் போய்விடும்.

நான் Deck Options-இல் மூன்றை மாற்றினேன். New cards/day பூஜ்யம். Maximum reviews/day 120. மறக்கும் வேகத்தைக் கணித்துத் தேதி போடும் FSRS ஏற்கெனவே போட்டிருந்ததால், Review sort order-இல் Descending retrievability. இந்தக் கடைசி மாற்றம்தான் என்னைக் காப்பாற்றியது. இன்னும் மறக்காத கார்டுகள் முதலில் வரும். அவை நழுவுவதற்குள் பிடித்துவிடலாம். முழுக்க மறந்துவிட்ட கார்டு இன்னும் நாலு நாள் காத்திருந்தால் புதிதாக நஷ்டம் ஒன்றும் இல்லை. தினமும் அறுபது கார்டு புதிதாகக் கெடுவுக்கு வரும், நூற்றிருபது பார்த்தால் பாக்கியில் அறுபது குறையும். ஆக 480 என்பது எட்டு நாள் வேலை. மறந்தவை திரும்ப வருவதால் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

இந்த நாட்களில் ஒரு கவனம் தேவை. பதில் தெரியாதபோது Again-தான் அழுத்த வேண்டும். மனது கேட்காமல் Hard அழுத்தினால், நினைவிருந்தது, கொஞ்சம் கஷ்டப்பட்டது என்றுதான் FSRS எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது போடும் எல்லாத் தேதியும் தப்பாகும்.

பாக்கி தீர்ந்ததும், திரும்பத் திரும்பத் தவறும் கார்டுகளைத் தேடினேன்:

```
deck:Anatomy prop:lapses>4
```

பெரும்பாலும் நரம்புகள். அதில் ஒன்றைச் சொல்கிறேன். நோட்ஸில் இருந்தது ஒரே வரி: "ரேடியல் நரம்பு பாதிப்பு – ரிஸ்ட் டிராப்". கார்டும் அப்படியே. ஆனால் அந்த நரம்பு எந்த இடத்தில் அடிபட்டது என்பதைப் பொறுத்து படம் மாறும். அக்குளில் அழுந்தினால் ட்ரைசெப்ஸும் போகும். முழங்கையை நீட்டவே சிரமம், கூடவே ரிஸ்ட் டிராப். ஹியூமரஸ் நடுத்தண்டு முறிந்து ஸ்பைரல் குரூவில் அடிபட்டால் ரிஸ்ட் டிராப் உண்டு, ஆனால் ட்ரைசெப்ஸ் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடுகின்றன. இன்னும் கீழே சுபினேட்டர் தசையருகே போஸ்டீரியர் இன்டெராசியஸ் கிளை மட்டும் அடிபட்டால் விரல்களை நீட்ட முடியாது. மணிக்கட்டு அப்போது தொங்காது, ஏனென்றால் எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸுக்கு முன்பே கிளை போய்விட்டது. தோல் உணர்ச்சியும் கெடாது.

சுருக்கும்போது இந்த "ஏன்" எல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரு வரியை எத்தனை முறை காட்டினாலும் உதிர்ந்தது திரும்பி வராது. பழைய கார்டை Suspend செய்துவிட்டு, பாடப்புத்தகத்தைத் திறந்து, இடத்துக்கு ஒன்றாக மூன்று எழுதினேன். ஒன்று இது:

```
ஹியூமரஸ் நடுத்தண்டு முறிவு, ரிஸ்ட் டிராப்.
முழங்கையை நீட்ட முடிகிறது, ஏனென்றால்
{{c1::ட்ரைசெப்ஸ் கிளைகள் குரூவுக்கு மேலேயே பிரிகின்றன}}.
```

New cards/day பூஜ்யமாக இருப்பதால் இவை தானாக வராது. இப்படி மாற்றி எழுதிய கார்டுகளுக்காக மட்டும் சில நாள் அதை 5 ஆக்கினேன். எல்லா நரம்புக்கும் இதைச் செய்ய நேரம் கிடையாது. 300 கேள்வியில் அனாடமிக்கு 17தான். அதிகம் தவறியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 23 அன்று இன்னொரு பயம். `prop:due>20` என்று தேடினால், தேர்வுக்கு முன்னால் வரவே போகாத கார்டுகள் கொத்தாக வந்தன. Maximum interval-ஐ 20 ஆக்கிவிடு என்று பலரும் சொன்னார்கள். நான் ஆக்கவில்லை. Desired retention 0.90 என்றால், நினைவில் இருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு இறங்கும் நாளைத்தான் ஆன்கி கெடுவாக வைக்கிறது. கெடு ஜனவரி 12-க்குப் பின்னால் என்றால் தேர்வு நாளில் அந்தக் கார்டு அதற்கும் மேலேதான் நிற்கும். நன்றாகத் தெரிந்ததை மறுபடி இழுத்து வந்து, தெரியாததற்கான நேரத்தைக் கொடுப்பானேன்? Hard-ஐத் தப்பாக அழுத்திப் பழகியவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அவர்கள் 20 என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வாரத்தில் அன்றாடக் கெடுவை மட்டும் காலையில் முடித்துவிட்டு, மீதி நாளை மெடிசினுக்கும் சமூக மருத்துவத்துக்கும் கொடுத்தேன். பாஸ். இப்போது இன்டர்ன்ஷிப். நரம்புக் கார்டுகளைத் தவிர மற்றதெல்லாம் Suspend-இல் இருக்கின்றன. எலும்பு முறிவோடு வருகிறவர்களிடம் முதலில் முழங்கையை நீட்டச் சொல்கிறேன், அப்புறம் மணிக்கட்டை.