180 சென்டிமீட்டர் பாவில் 117 சென்டிமீட்டர் ஸ்கார்ஃப்

என் முதல் ஸ்கார்ஃப் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியதும் தீர்ந்துபோனது. 160 சென்டிமீட்டர் வேண்டும் என்று ஆரம்பித்தேன். "கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்" என்று 20 சேர்த்து 180 சென்டிமீட்டருக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளை, ஓட்டினேன். துவைத்துக் காயவைத்து அளந்தால் 117. போதாததற்கு, இரண்டு ஓரமும் உள்ளே வளைந்து, நடுவில் இடுப்பு வைத்த மாதிரி இருந்தது.

நான் வைத்திருப்பது ரிஜிட் ஹெடில் தறி, மேசைமேல் வைத்து நெய்யக்கூடிய சின்ன வகை. பிளவும் துளையும் மாறி மாறி வரும் சீப்பு ஒன்றுதான் அதன் உயிர். துளையில் கோத்த இழைகள் சீப்போடு சேர்ந்து ஏறி இறங்கும், பிளவில் உள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே திறக்கும் வாயில் குறுக்கு நூலான ஊடையைக் கொடுத்து, அதே சீப்பால் தட்டிச் சேர்க்க வேண்டும்.

மீதி 63 சென்டிமீட்டர் எங்கே போனது என்று பார்க்க, குப்பையில் போடாமல் வைத்திருந்த வெட்டுத் துண்டுகளை எடுத்தேன். முன்பக்கக் கம்பியில் முடிச்சுப் போட்ட பகுதி சுமார் 15 சென்டிமீட்டர். பின்பக்கக் கம்பி சீப்பை நெருங்கிவிட்டால் வாய் திறக்காது. அதனால் அந்தப் பக்கம் நெய்ய முடியாமல் நின்றது 30. ஆக 45 சென்டிமீட்டர் தறிக்கே போய்விட்டது. இது எவ்வளவு நீளம் நெய்தாலும் மாறாத செலவு. நிஜமாக நெசவுக்குள் போன பாவு 135 மட்டும். அந்த 135, துணியானபோது 117 ஆகிவிட்டது. ஒவ்வொரு பாவு இழையும் ஊடைக்கு மேலும் கீழுமாக நெளிந்து போவதில் கொஞ்சம் நீளம் குறையும். தறியில் விறைப்பாக நின்ற துணி, கழற்றியதும் தளர்ந்து சுருங்கும். தண்ணீர் பட்டதும் கம்பளி நூல் இன்னும் சுருங்கும். மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடாமல், 117-ஐ 135-ஆல் வகுத்தேன். 0.87 வந்தது. இந்த நூலுக்கும், இந்தச் சீப்புக்கும், நான் இழுத்துக் கட்டும் விறைப்புக்கும் உரிய எண் அது. பருத்தி நூலுக்கு மாறினால் இதே எண்ணை எடுத்துப் போடக்கூடாது.

இரண்டாவது முறை கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். 160-ஐ 0.87-ஆல் வகுத்தால் 184, அதை 185 என்று வைத்துக்கொண்டேன். தறிச் செலவு 45. குஞ்சத்துக்குத் தனியாக நீளம் விட வேண்டியதில்லை. எப்படியும் நெய்ய முடியாத பகுதியிலிருந்தே அது கிடைத்துவிடும். ஆனால் முன்பக்கம் 15 சென்டிமீட்டர்தான், அதிலும் முடிச்சு கொஞ்சம் தின்றுவிடும். முறுக்கிய குஞ்சத்துக்கு அது போதாது என்று 10 சேர்த்தேன். மொத்தம் 240.

அகலத்துக்கும் இதே யோசனைதான். துவைத்தபின் 20 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் சீப்பில் 24 சென்டிமீட்டர். என் சீப்பு 10 சென்டிமீட்டருக்கு 30 இழை. எனவே 72 இழைகள், ஒவ்வொன்றும் 2.4 மீட்டர், பாவுக்கு மட்டும் சுமார் 173 மீட்டர் நூல். ஊடைக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக ஆகும். நான் 320 மீட்டருக்குக் குறையாமல் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

பாவு ஓட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மேசையில் மாட்டிய முளைக்கும் தறியின் பின்பக்கக் கம்பிக்கும் இடையே உள்ள தூரம்தான் பாவு நீளம். தறியின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு பிளவிலும் ஒரு மடிப்பை இழுத்து முளையில் மாட்டினால் இரண்டு இழை கிடைக்கும், ஆக 36 பிளவுகள். அப்புறம் உருளையில் சுற்றிவிட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் இழையைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிக் கோக்க வேண்டும்.

இனி ஓரம். முதல் ஸ்கார்ஃபில் ஓரம் கோணியதற்குக் காரணம் என் கை நடுக்கம் என்றே நினைத்தேன். அது இல்லை. ஊடையை நேராக, விறைப்பாகப் போட்டிருந்தேன். தட்டியதும் ஊடை பாவிழைகளுக்கு மேலும் கீழும் வளைய வேண்டும், அதற்குக் கூடுதல் நூல் தேவை. உள்ளே நூல் இல்லாததால் அது ஓர இழைகளை இழுத்து ஈடுகட்டிக்கொண்டது. 30 சென்டிமீட்டர் நெய்வதற்குள் 24 சென்டிமீட்டர் 18 ஆகிவிட்டது. ஓர இழைகள் சீப்பில் சாய்ந்து உரசி, பஞ்சு பிரியத் தொடங்கியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த முறை ஊடையைச் சாய்வாக விட்டேன். நுழையும் ஓரத்தில் துணியை ஒட்டியும், வெளியேறும் ஓரத்தில் சில சென்டிமீட்டர் உயர்ந்தும் இருக்கும்படி. பிறகு வாய் திறந்திருக்கும்போதே தட்டினால் அந்தச் சாய்வில் உள்ள கூடுதல் நூல் அகலம் முழுக்கப் பரவிவிடும். திரும்பும் இடத்தில் ஓர இழையைத் தொடும்படி நூலை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டேன், இழுக்கவில்லை. இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய வித்தியாசத்தைத் தந்தது: ஊடை நூலைச் சுற்றி வைத்திருக்கும் குச்சி நாடாவிலிருந்து அகலத்துக்குத் தேவையான நூலை முன்பே அவிழ்த்துவிட்ட பிறகுதான் அதை உள்ளே விட்டேன். பாதியில் நூல் பிடித்து இழுத்தால் அந்த இழுப்பு நேராக நூல் நுழைந்த ஓரத்தில்தான் விழும்.

ஆனால் பயத்தில் சாய்வை அதிகமாக்கிவிட்டேன். முதல் 15 சென்டிமீட்டரில் ஓரத்தில் சின்னச் சின்னக் காதுகள் நீட்டிக்கொண்டு நின்றன. அதைப் பிரித்து மறுபடி நெய்தேன். 24 சென்டிமீட்டரைத் துளியும் குறையாமல் காப்பாற்றப் பார்த்ததுதான் தவறு. ஓரளவு உள்ளே வருவது இயல்பே. 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு காகிதக் கீற்று வெட்டி வைத்துக்கொண்டு, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை துணிமேல் வைத்துப் பார்த்தேன். கீற்றைவிடத் துணி குறுகினால் சாய்வைக் கூட்டுவேன், காது தெரிந்தால் குறைப்பேன்.

பாதியில் இடது ஓரம் மட்டும் தளர்ந்து தொங்கியது. ஊடையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. பாவு உருளையில் சுற்றும்போது இடையே வைத்த காகிதம் பாவின் அகலத்துக்கே இருந்ததால், ஓர இழைகள் காகிதத்தைத் தாண்டி வழுக்கிக் கீழ் அடுக்கில் விழுந்துவிட்டன. அவை சுற்றிய வட்டம் சிறியது, அதனால் உருளையை விடுவிக்கும்போது மற்றவற்றோடு சமமாக வரவில்லை. தளர்ந்த நான்கு இழைகளைத் தறியின் பின்புறம் சேர்த்து ஒரு கொக்கியில் கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு முடித்தேன். கடைசிவரை ஒவ்வொரு முறை உருட்டும்போதும் அதை மேலே தூக்கி மாட்ட வேண்டியிருந்தது. இப்போது காகிதத்தை இரு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுகிறேன்.

குஞ்சத்தை முறுக்கி முடிச்சிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, சமதரையில் விரித்துக் காயவைத்தேன். நீளம் 158, அகலம் 20.5. இடது ஓரத்தில் சாவிக்கொத்து தொங்கிய இடத்துக்கு முன்னால் இரண்டு விரற்கடை அளவுக்கு ஒரு சின்ன அலை இன்னும் தெரிகிறது. சுற்றும்போது அதை உள்பக்கம் மடித்துக்கொள்கிறேன்.