ரத்தம் கம்மியான உடம்பில் ஒரு சிவப்பணுவின் ஒரு நாள்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். இங்கே ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவான எச்.பி. 7 என்று வருவது அபூர்வம் இல்லை. அந்த எண்ணுக்கு உரியவர் பெரும்பாலும் நடந்தே வந்து வரிசையில் நிற்பார். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவும் அப்படித்தான். விடியற்காலையில் தக்காளி பறித்து, கிரேட்டைத் தலையில் சுமந்து ரோடு வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்புறம் பஸ் பிடித்து வந்திருந்தார். "ஒண்ணும் இல்லீங்க, மேடு ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றார்.

பாதி ரத்தத்தை வைத்துக்கொண்டு ஒருவரால் எப்படி இவ்வளவு வேலை செய்ய முடிகிறது? பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்காக அந்த அக்காவின் உடம்பில் ஓடும் ஒரு சிவப்பணு நாட்குறிப்பு எழுதினால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்.

*

விடியற்காலை. அவர் இன்னும் எழவில்லை. நான் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே என் உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டேன். ஆக்ஸிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் உறுப்பும் எனக்குள் இல்லை. அதனால் நான் சுமக்கும் ஆக்ஸிஜனில் ஒரு துளியைக்கூட எனக்கென்று எடுப்பதில்லை. ரத்தத்தில் கிடைக்கும் குளுக்கோஸை வைத்தே என் பிழைப்பு.

என்னைச் செய்யும்போது மஜ்ஜையில் இரும்பு போதவில்லை. இரும்பை வைத்துச் செய்யும், ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவாகச் சேர்ந்ததால் அளவிலும் சிறுத்துப் போனேன். என் கூட்டாளிகளும் அப்படித்தான்.

ஓய்வாக இருக்கும் உடம்பில் இதயத்தில் கிளம்பி இதயத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். நுரையீரலின் நுண்குழாயில் எனக்குக் கிடைப்பது முக்கால் நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே நிரம்பிவிடுகிறேன். நிரம்புவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என்னிடம் இருக்கிற ஹீமோகுளோபின் அத்தனையும் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொள்கிறது. அந்த ஹீமோகுளோபின்தான் கொஞ்சம்.

படுத்திருக்கும்போதுகூட இந்த உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 220 மில்லி ஆக்ஸிஜன் வேண்டும். எச்.பி. 13 இருக்கும் ஒருத்தியின் 100 மில்லி ரத்தத்தில் 17 மில்லி ஆக்ஸிஜன் ஏறும். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் 850 மில்லி போய்ச் சேரும். அங்கே என் இனத்தார் கால் பங்கை இறக்கிவிட்டு முக்கால் பங்கோடு திரும்புவார்கள். இங்கே 100 மில்லியில் 9 மில்லிதான். அதே 5 லிட்டரில் 450 மில்லி. அதனால் நாங்கள் பாதியை இறக்கினால்தான் இவர் நிம்மதியாகத் தூங்க முடியும்.

காலை. தக்காளித் தோட்டம். 20 கிலோவுக்கு மேல் இருக்கும் கிரேட் தலைக்கு ஏறிவிட்டது. தொடைத் தசைக்குள் நுழைகிறேன். நுண்குழாய் என் அகலத்தைவிடக் குறுகல். மடிந்து, நீண்டு, சுவரை உரசிக்கொண்டு போகிறேன். இங்கே சூடு அதிகம், அமிலம் அதிகம், கரியமில வாயு வந்து குவிகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஹீமோகுளோபினின் பிடி தானாகத் தளரும். எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அங்கே அதிகமாக இறங்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களிடம் இன்னொரு ஏற்பாடும் உண்டு. குளுக்கோஸை உடைக்கும் வழியிலேயே பி.பி.ஜி. என்றொரு பொருளைச் செய்துகொள்கிறோம். ஹீமோகுளோபினின் நடுவே இருக்கும் இடைவெளியில் அது போய் உட்கார்ந்துகொண்டு, ஆக்ஸிஜனை விட்ட நிலையிலேயே அதை நிறுத்திவைக்கும். ரத்தம் குறையக் குறைய எங்களுக்குள் பி.பி.ஜி. கூடுகிறது. எண்ணிக்கையிலும் அளவிலும் தோற்றுப்போனதை, கைவிட்டுக் கொடுப்பதில் ஈடுகட்டுகிறோம். இது ஒரே நாளில் வந்த பழக்கம் இல்லை. மாதக்கணக்கில் ரத்தம் மெதுவாகக் குறைந்ததால் இதற்கெல்லாம் நேரம் கிடைத்தது.

மேடு வருகிறது. இப்போது தேவை பல மடங்கு. எங்களிடம் மீதி இருப்பது கொஞ்சம். இனி இதயம்தான் வேகமாகத் தள்ள வேண்டும். படபடவென்று அடிக்கிறது. ஒரு நிமிடச் சுற்று பாதி நேரத்துக்குள் முடிகிறது. அவர் நின்று மூச்சு வாங்குகிறார்.

இரவு. மண்ணீரல். சுவரில் ஒரு மைக்ரான் அளவுகூட இல்லாத இடுக்கு வழியாக என்னைப் பிழிந்து அனுப்புகிறார்கள். விறைத்துப் போன கிழவர்கள் தாண்ட முடியாமல் அங்கேயே விழுங்கப்படுகிறார்கள். அவர்கள் இரும்பு வீணாகாது, மறுபடியும் மஜ்ஜைக்குப் போகும். வெளியே வழிந்துபோகும் ரத்தம்தான் திரும்பாது. நல்ல ரத்தமாக இருந்தால் ஒரு மில்லிக்கு அரை மில்லிகிராம் இரும்பு போகும். இவருக்கு மாதாமாதம் போக்கு அதிகம். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உடம்புக்குள் சேர்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்.

*

நாட்குறிப்பு அவ்வளவுதான். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அந்த அக்கா விரலில் ஆக்ஸிஜன் கருவியை மாட்டிப் பார்த்தேன் மேடம், 98 காட்டுச்சே?"

காட்டத்தான் செய்யும். கொரோனாவுக்கு அப்புறம் விரலில் மாட்டும் அந்தக் கருவி பல வீடுகளில் இருக்கிறது. 98 வந்தால் ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்து டவுன் பஸ் ஓட வேண்டிய ரூட்டில் ஐந்துதான் ஓடுகிறது. ஐந்திலும் சீட் நிறைந்திருக்கிறது. சீட்டை மட்டும் எண்ணினால் குறை தெரியாது.

குறை தெரிவது, ரத்தத் துளியைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லப் பரப்பிய ஸ்மியரில். லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சின்ன லிம்போசைட் என்ற வெள்ளையணுவின் உட்கருதான் எனக்கு அளவுகோல். நல்ல சிவப்பணு ஏறக்குறைய அந்த அளவு இருக்கும். அந்த அக்காவின் ஸ்லைடில் எல்லாமே அதைவிடச் சிறிசு. நடுவே வெளுப்பு மூன்றில் ஒரு பங்கோடு நிற்காமல் ஓரம் வரை பரவி, வளையம் மாதிரி ஒரு கோடுதான் மிச்சம். இடையிடையே பென்சில்போல நீண்ட செல்கள். செல்களை எண்ணும் இயந்திரத்தில் செல்லின் சராசரி அளவு 62. 80க்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

இப்படி வந்தால் உடனே இரும்புக்குறை என்று முடித்துவிடவும் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணு ஒன்றைச் சுமப்பவர்களுக்கும் செல் சிறுத்தே இருக்கும். ஆனால் அவர்களுக்கு எச்.பி. பொதுவாக இவ்வளவு இறங்காது, சிவப்பணு எண்ணிக்கையும் குறையாது. இந்த அக்காவுக்கு எண்ணிக்கையும் குறைந்திருந்தது.

"தினமும் களிதான் தின்கிறேன், ராகியில ரத்தம் ஊறாதா?" என்று கேட்டார். ராகியில் இரும்பு இருக்கிறது, ஆனால் கூடவே இருக்கும் பைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடலில் சேர்வது கொஞ்சம்தான். களி நல்ல சாப்பாடு, இவ்வளவு இறங்கிய ரத்தத்தை அது மட்டும் தூக்கிவிடாது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார், அதிகப் போக்குக்கு என்ன காரணம் என்று பார்க்க மகளிர் நோய்ப் பிரிவுக்கும் அனுப்பினார். மாத்திரையை டீயோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள் என்று நர்ஸ் அக்கா சொல்லி அனுப்பினார். பலர் மலம் கறுத்ததைப் பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

சில வாரம் கழித்து மறுபடி வந்தார். எச்.பி. ஒன்பதைத் தொட்டிருந்தது. அந்த ஸ்லைடை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய வெளுத்த குட்டிச் செல்களுக்கு நடுவே, நன்றாகச் சாயம் பிடித்த முழு அளவுச் செல்கள். இரண்டு தலைமுறையும் ஒரே பார்வையில் தெரிந்தது. பழையவை ஆயுள் முடிந்து ஒழிய மூன்று நான்கு மாதம் ஆகும். எச்.பி. சரியான பிறகும் உடம்பின் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரையை விடக்கூடாது என்று ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். மேடு ஏறும்போது இப்போது நிற்க வேண்டியிருக்கவில்லையாம். அதனால்தான் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்க வந்திருந்தார்.